ஒன்று என்னும் சுமை

லாரிப் பட்டறைகளின் முற்றத்தில் பாரம் தூக்க ஒரு சட்டகம் நிற்கும். தரையில் இறுகப் பதித்த ஒரு தூண், அதன் தலையிலிருந்து ஒரு பக்கமாக நீளும் ஒரு கை, கையின் நுனியில் செயின் பிளாக். தூரத்திலிருந்து பார்த்தால் தலைகீழாகக் கவிழ்த்த ‘ட’. இன்ஜினைத் தொங்கவிட்டதும் நுனி கொஞ்சம் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்ற கேள்விக்கு விடை காணப் பல வழிகள் உண்டு. திரிபாற்றலை வைத்து, ‘யூனிட் லோடு’ என்ற அலகுச் சுமையின் துணையோடு விடை காணும் வழியைத்தான் இங்கே ரசித்துப் பார்க்கப் போகிறேன். கணக்கு சிறியது. அதன் ஒவ்வொரு வரியிலும் நின்று பார்க்க ஏதாவது இருக்கிறது.

தூணின் அடியை A என்றும், தூணும் கையும் சேரும் மூலையை B என்றும், நுனியை C என்றும் வைத்துக்கொள்வோம். தூண் 4 மீட்டர், கை 2 மீட்டர். நுனியில் தொங்குவது ஏறக்குறைய அரை டன், அதாவது 5 கிலோ நியூட்டன். தூணும் கையும் ஒரே 200 மி.மீ. ஆழமுள்ள ஐ-வடிவ எஃகு. அதன் I மதிப்பை 2235 செ.மீ.⁴ என்றும், எஃகின் E மதிப்பை 200 ஜிகா பாஸ்கல் என்றும் கொண்டால், EI சுமார் 4470 கிலோ நியூட்டன்-சதுர மீட்டர். சட்டகத்தின் சொந்த எடையை இங்கே விட்டுவிடுகிறேன். அடி துளியும் திரும்பாது, மூலை துளியும் நெகிழாது என்றும் இப்போதைக்கு நம்புவோம்.

முதலில் உண்மையான சுமை மட்டும். கையில், நுனியிலிருந்து x தூரத்தில் வளைவு மொமென்ட் M = 5x. மூலைக்கு வரும்போது அது 10 கிலோ நியூட்டன்-மீட்டர். மூலை அந்த 10-ஐ அப்படியே தூணுக்குக் கைமாற்றுகிறது. சுமை செங்குத்தாக இருப்பதால் தூணில் எந்த உயரத்திலும் அதே 10 தான். வரைந்து பார்த்தால் கையின்மேல் ஒரு முக்கோணம், தூணோடு ஒட்டி ஒரு நீண்ட செவ்வகம்.

இப்போது உண்மையான சுமையை எடுத்துவிட்டு, விலகல் தெரிய வேண்டிய இடத்தில், தெரிய வேண்டிய திசையில், ‘1’ என்ற சுமையை வைக்கிறோம். நமக்கு வேண்டியது C எவ்வளவு கீழே இறங்கும் என்பது. ஆகவே C-யில், கீழ்நோக்கி, 1. இதனால் வரும் மொமென்டைச் சிறிய m என்று குறிப்போம். கையில் m = x, தூணில் m = 2. பிறகு இரண்டையும் பெருக்கிச் சட்டகம் முழுக்கக் கூட்டினால் விலகல் கிடைத்துவிடுகிறது:

δ = ∫ (M·m / EI) dx

இந்தச் சூத்திரத்தைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. திரிபாற்றல் என்றால் அதில் எப்போதும் ஓர் அரை உண்டு. வளையும் உறுப்பில் சேமிப்பாகும் ஆற்றல் U = ∫ M² / (2EI) dx. சுமை பூஜ்யத்திலிருந்து படிப்படியாக ஏறுவதால் அது செய்யும் வேலையும் பாதிதான். அந்த அரை இங்கே எங்கே போயிற்று?

அலகுச் சுமையை முதலில் வைத்துவிட்டு, பிறகு உண்மையான சுமையை ஏற்றுவதாக எண்ணிப் பாருங்கள். உண்மையான சுமை ஏறும்போது நுனி δ அளவு இறங்குகிறது. அந்த இறக்கம் முழுவதிலும் ‘1’ ஏற்கெனவே முழுசாக அங்கே உட்கார்ந்திருக்கிறது. அது வளர்ந்துகொண்டே இறங்கவில்லை, வளர்ந்து முடித்துவிட்டு இறங்குகிறது. எனவே அது செய்த வேலை 1 × δ, பாதி அல்ல. உள்ளே சேர்ந்த ஆற்றலைப் பார்த்தாலும் இதே கதைதான். இரண்டு சுமையும் சேர்ந்திருக்கும்போது மொமென்ட் M + m. அதன் வர்க்கத்தை விரித்தால் M², m², நடுவில் 2Mm. அந்த நடு உறுப்பிலுள்ள 2, கீழே இருக்கும் 2-ஐ அடித்துவிடுகிறது. M² உறுப்பு உண்மையான சுமை தனியாகச் செய்தது, m² உறுப்பு அலகுச் சுமை தனியாகச் செய்தது. இரண்டுக்கும் நடுவே, இருவரும் சேர்ந்ததால் மட்டுமே பிறந்த Mm தான் நாம் தேடிய விலகல். பள்ளிக்கூடத்தில் (a + b)² மனப்பாடம் செய்த எவரும் இந்த வரியில் ஒரு நிமிடம் நின்று மகிழலாம்.

இதே இடத்துக்கு இன்னொரு வாசல் வழியாகவும் வரலாம். இத்தாலிய ரயில்வேயில் வேலை பார்த்த ஆல்பெர்ட்டோ காஸ்டிலியானோ 1873-இல் டூரினில் தந்த ஆய்வேட்டில் காட்டிய வழி அது. நுனியில் Q என்றொரு சுமை இருப்பதாகப் பாவித்து, ஆற்றல் முழுவதையும் எழுதி, Q-வைப் பொறுத்து வகையிட்டு, கடைசியில் Q-வைப் பூஜ்யமாக்கிவிட வேண்டும். வகையிடும்போது உள்ளே ∂M/∂Q வருகிறது. Q ஓர் அலகு கூடினால் மொமென்ட் எவ்வளவு கூடும் என்பதுதானே அது? அதாவது, அதுவே நம் m. வகைநுண்கணிதம் செய்ய வேண்டிய வேலையை ‘1’ என்ற ஒரு சுமை சத்தமில்லாமல் செய்து முடித்துவிடுகிறது. மாக்ஸ்வெல் 1864-இலேயே, கம்பிகளும் தண்டுகளும் கோத்த சட்டகங்களுக்கு இந்த அலகுச் சுமை யோசனையைச் சொல்லிவிட்டார். ஒரு படம்கூட இல்லாத அந்தக் கட்டுரையைப் பொறியாளர்கள் கவனிக்கவில்லை. பத்து ஆண்டு கழித்து, 1874-இல், ஜெர்மானியரான மோர் தன் போக்கில் அதை மறுபடி கண்டுபிடித்தார். படம் போட்டிருந்தால் மாக்ஸ்வெல்லுக்கு அந்தப் பத்தாண்டு மிச்சமாகியிருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம்.

இனி எண்களைப் போடுவோம். கையில் பெருக்கல் 5x × x. 0 முதல் 2 வரை தொகையிட்டால் 13.33. தூணில் 10 × 2, நீளம் 4 மீட்டர். ஆகவே 80. மொத்தம் 93.33. அதை 4470-ஆல் வகுத்தால் 0.0209 மீட்டர், அதாவது சுமார் 21 மி.மீ. கணக்கு முடிந்தது.

விடையைவிட அது பிரிந்து வந்த விதம்தான் சுவையானது. 13.33-உம் 80-உம் சரியாக ஒன்றுக்கு ஆறு. சுமை தொங்குவது கையில், வளைந்து தெரிவதும் கைதான். ஆனால் நுனி இறங்கியதில் ஏழில் ஆறு பங்கு தூணின் வேலை. பட்டறையில் நிற்பவர் யாரும் தூணைச் சந்தேகிக்க மாட்டார். கைக்குள்ளேயும் இந்த வஞ்சகம் தொடர்கிறது. M-உம் நுனியில் பூஜ்யம், m-உம் நுனியில் பூஜ்யம். இரண்டும் பெருகுவதால் பங்கு x-இன் வர்க்கமாக ஏறுகிறது. கையின் 13.33-இல் மூலைப் பக்கத்து ஒரு மீட்டர் எட்டில் ஏழு பங்கை எடுத்துக்கொள்கிறது. சுமையை நேரடியாகத் தாங்கி நிற்கும் நுனிப் பக்கத்து ஒரு மீட்டரின் பங்கு, மொத்த விலகலில் 56-இல் ஒன்று, மூன்றில் ஒரு மி.மீ.க்குச் சற்று மேல். இப்படிப்பட்ட கைகளை நுனியை நோக்கி மெலிய வைத்துச் செய்வதன் கணக்கு இதுதான்.

நுனி இறங்குவதைக் குறைக்க வேண்டுமா? கைக்கு அடியில் தகடு பற்றவைத்து அதன் I-ஐ இரட்டிப்பாக்கினால் 13.33 பாதியாகும். மொத்தம் 86.67, அதாவது 19.4 மி.மீ. ஒன்றரை மி.மீ. லாபம். அதே தகட்டுவேலையைத் தூணுக்குச் செய்தால் 80 பாதியாகி மொத்தம் 53.33, அதாவது 11.9 மி.மீ. தூண் கையைவிட இரு மடங்கு நீளம், ஆகவே தகடும் இரு மடங்கு போகும். கிடைக்கும் பயனோ ஆறு மடங்கு. இத்தனைக்கும் பலத்தில் குறையே இல்லை. 10 கிலோ நியூட்டன்-மீட்டர் மொமென்டுக்கு இந்த எஃகில் வரும் தகைவு சதுர மி.மீ.க்கு சுமார் 45 நியூட்டன்தான். சாதாரணக் கட்டுமான எஃகு 250 வரை நெகிழாமல் நிற்கும். உடையாது என்பதும் அசையாது என்பதும் வேறு வேறு.

தொகையிடலுக்குப் பயப்படுபவருக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. M வரைபடத்தின் பரப்பை எடுத்து, அந்தப் பரப்பின் மையத்துக்கு நேராக m எவ்வளவோ அதனால் பெருக்கினால் போதும். m ஒரு நேர்கோடாக இருக்கும்வரை இது துல்லியமாக வரும். கையின் முக்கோணப் பரப்பு 10, அதன் மையம் நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கில், அங்கே m = 4/3. பெருக்கினால் 13.33. தூணின் செவ்வகம் 40, m = 2, பெருக்கினால் 80. ரஷ்யப் பாடப்புத்தகங்கள் இதை வெரெஷ்சாகின் பெயரால் சொல்கின்றன.

அடுத்த நயம், கேள்வியை மாற்றும்போது வெளிப்படுகிறது. தொங்கும் பாரம் நேர் கீழே இழுக்கிறது. பக்கவாட்டில் யாரும் தள்ளவில்லை. ஆனாலும் நுனி பக்கவாட்டில் நகருமா? M-ஐத் தொட வேண்டாம். அந்த முக்கோணமும் செவ்வகமும் அப்படியே இருக்கட்டும். அலகுச் சுமையை மட்டும் திருப்பி, C-யில் கிடையாக, கை நீளும் திசையில் வைக்கிறோம். இப்போது அந்த 1 கையை நீளவாக்கில் இழுக்கிறதே தவிர வளைக்கவில்லை. கையில் m = 0. தூணில், மூலையிலிருந்து கீழே y தூரத்தில் m = y. செவ்வகப் பரப்பு 40, நடு உயரத்தில் m = 2, ஆக மறுபடி 80. நுனி பக்கவாட்டில் 17.9 மி.மீ. நகர்கிறது. (80 இரண்டு முறை வந்தது தற்செயல்தான். தூண் கையைப்போல் சரியாக இரு மடங்கு நீளம் என்பதால் வந்தது, வேறு அளவுகளில் வராது.)

ஒரே தூண், ஒரே M. ஆனால் கீழிறக்கத்தைக் கேட்டபோது தூணின் எல்லா உயரமும் சமமாகப் பங்கு கொடுத்தது. பக்க நகர்வைக் கேட்கும்போது கீழ்ப்பாதி 60, மேற்பாதி 20. அடி வளைந்தால் தலை தூரம் நகரும், தலைக்குப் பக்கத்தில் வளைந்தால் அதிகம் நகராது. இந்த விவரத்தையெல்லாம் M அறியாது. எந்தத் துண்டின் வளைவு எந்தக் கேள்விக்கு எவ்வளவு முக்கியம் என்ற எடையை m தாங்கி வருகிறது. என்னைக் கேட்டால் இந்த முறையின் உயிர் இந்தச் சின்ன எழுத்தில்தான்.

சரிவைக் கேட்க வேண்டுமானால் அலகு விசைக்குப் பதிலாக C-யில் அலகு மொமென்ட். அப்போது எங்கும் m = 1. பரப்புகளைக் கூட்டினால் போதும்: 10 + 40 = 50. வகுத்தால் 0.0112 ரேடியன், ஏறக்குறைய 90-க்கு 1 சரிவு. செயின் பிளாக் ஒரு சக்கரத் தள்ளுவண்டியில் தொங்கினால், அது நுனியை நோக்கித் தானாக உருளப் பார்க்கும். கைநுனியில் ஒரு தடுப்புக்கட்டை ஏன் வேண்டும் என்பது இந்த 50-இல் அடங்கியிருக்கிறது.

குறிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கையில் மேல்முகம் இழுபட்டால் கூட்டல் என்று ஒருவர் வைத்துக்கொள்ளலாம், கழித்தல் என்று இன்னொருவர் வைத்துக்கொள்ளலாம். தூணில் அளவை மூலையிலிருந்து தொடங்கலாம், அடியிலிருந்தும் தொடங்கலாம். உறுப்புக்கு உறுப்பு விதியை மாற்றினாலும் விடை மாறாது. கழித்தலும் கழித்தலும் பெருகினால் கூட்டல்தானே. ஒரே ஒரு நிபந்தனை: ஒரு உறுப்பில் M-க்கு எந்த விதியோ, எந்தத் தொடக்கப் புள்ளியோ, m-க்கும் அதேதான். தேர்வுத் தாள்களில் கணக்கு கவிழ்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். M-ஐ மூலையிலிருந்தும் m-ஐ அடியிலிருந்தும் அளந்து பெருக்கியிருப்பார்கள். இன்னொரு வழக்கமான பிழை, மூலையைத் தாண்டும்போது மொமென்டைக் கீழே போட்டுவிட்டு, தூண் வெறும் அழுத்தத்தை மட்டும் தாங்குகிறது என்று எழுதுவது. அப்போது விடை 3 மி.மீ. என்று வரும்.

தவறைக் கண்டுபிடிக்க வெளியே போக வேண்டியதில்லை. தூணில் 10 என்ற மொமென்ட் 4 மீட்டருக்கு இருப்பதால் மூலை 40/EI அளவு திரும்புகிறது. மூலை திரும்பினால் 2 மீட்டர் கை விறைப்பாகவே அதனோடு சுழன்று, நுனி 80/EI இறங்கும். அதன்மேல் கை தன் பங்குக்கு, ஒருமுனை பதித்த உத்தரத்தைப்போல் வளைந்து PL³/3EI, அதாவது 13.33/EI கூட்டுகிறது. தொகையிடலில் தனித்தனியாக வந்த இரண்டு எண்களும் கண்ணால் பார்க்கக்கூடிய இரண்டு அசைவுகள்.

வளைவைத் தவிர வேறொன்றும் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. பாரத்தால் தூண் நீளவாக்கில் நசுங்குகிறது. அதையும் இதே பெருக்கல் பாணியில் போட்டால் 0.03 மி.மீ. கையில் வெட்டுவிசையால் வரும் நெகிழ்ச்சி 0.1 மி.மீ. அளவு. 21 மி.மீ.க்கு முன்னால் இவை இரண்டையும் விட்டுவிடலாம். ஆனால் கை குட்டையாகவும் ஆழமாகவும் இருந்தால் வெட்டுவிசையின் பங்கைத் தள்ள முடியாது. நுனி 18 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தபின் சுமை அடியிலிருந்து அவ்வளவு தள்ளிப் போய்விட்டது என்பதையும் நாம் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் அடியின் மொமென்டில் 0.09 கூடும், 10-க்கு ஒரு சதவீதம்கூட இல்லை. இந்த எண் பத்து சதவீதம் ஆகும் அளவுக்குச் சட்டகம் ஒல்லியாக இருந்தால், முறையின் அடித்தளமான ‘சிறிய விலகல்’ என்ற நம்பிக்கையே ஆட்டம் கண்டுவிடும்.

ஆற்றலை வைத்துத்தான் தொடங்கினோம். ஆனால் அலகுச் சுமை, ஆற்றல் கதை நின்றுவிடும் இடத்துக்கும் போகிறது. பாரம் எதுவும் இல்லாத ஒரு பகல். கைக்கு எதிர்ப்புறமாகத் தூணின் முதுகில் வெயில் அடிக்கிறது, முதுகு நிழல் பக்கத்தைவிட 10 டிகிரி சூடு. சூடான பக்கம் நீள்கிறது, தூண் கைப்பக்கம் வளைகிறது. தடுப்பார் இல்லாமல் தானாக வளைவதால் அதில் தகைவு இல்லை. வெளியிலிருந்து சுமையும் இல்லாததால் திரிபாற்றல் என்று சேர்ந்தது பூஜ்யம். M²-ஐ மட்டும் எழுதி வைத்துக்கொண்டு வகையிட்டால் இங்கே விடையும் பூஜ்யம். அலகுச் சுமையோ வளைவு எதனால் வந்தது என்று விசாரிப்பதில்லை. M/EI இருந்த இடத்தில் வெயிலால் வந்த வளைவை வைத்தால் போதும்: 12 × 10⁻⁶ × 10 / 0.2 = 0.0006. அதை m = 2-ஆல் பெருக்கி 4 மீட்டருக்குக் கூட்டினால் 4.8 மி.மீ. அரை டன் தொங்கி இறங்கியதில் கால்வாசியை வெயிலே சும்மா இறக்கிவிடுகிறது. அளவுகோல் வைத்துப் பார்ப்பவர் காலையிலும் மதியமும் வேறு வேறு எண் எழுதினால் அவரைக் குறைசொல்ல வேண்டாம்.

தொடக்கத்தில் நம்பி விட்டுவைத்த அடியையும் மூலையையும் இதே கண்ணால் பார்க்கலாம். வளைவு நீளம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும் என்றில்லை. ஒரே புள்ளியில் ஒரு சின்னத் திரும்பலாகவும் இருக்கலாம். அந்தப் புள்ளியில் m எவ்வளவோ அதனால் திரும்பலைப் பெருக்கினால் நுனிக்கு வரும் கூடுதல் கிடைக்கும். கீழிறக்கத்துக்கு அடியிலும் மூலையிலும் m = 2. பக்க நகர்வுக்கு அடியில் m = 4, மூலையில் 0.

பாரத்தைத் தொங்கவிட்டு அளந்தபோது கணக்கில் வந்த 21-க்குப் பதில் 27 மி.மீ. இறங்கியதாக வைத்துக்கொள்வோம். 6 மி.மீ. அதிகம். எங்கோ 0.003 ரேடியன் திரும்பியிருக்கிறது. அது அடியிலா மூலையிலா என்று இந்த அளவு மட்டும் சொல்லாது, இரண்டு இடத்திலும் m ஒன்றுதான். தூக்குக்குண்டு விட்டுப் பக்க நகர்வையும் அளந்து பார்க்க வேண்டும். 18 இருந்த இடத்தில் 30 வந்தால் கூடியது 12, அதாவது 4 × 0.003. அடித்தகட்டின் நங்கூர போல்ட்டுகளை முடுக்கிப் பார்க்கலாம், தகட்டுக்கு அடியில் காரை கரைந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கலாம். பக்க நகர்வு 18-லேயே நின்றிருந்தால் அடியில் குறை இல்லை. ஏணி போட்டு மேலே ஏறி, கையும் தூணும் சேரும் மூலைப் பற்றவைப்பைப் பார்க்க வேண்டியதுதான்.